வேகத்தடைக்கு வெகு முன்பே தொடங்கும் வேலை: ஸ்டட், ரிஃப்ளெக்டர், ரம்பிள் ஸ்ட்ரிப் பார்த்து இரவில் ஓட்டும் முறை

புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்ட பிறகுதான் பெரும்பாலானோரின் கால் பிரேக்குக்குப் போகிறது. அதற்குள் சாலை இரண்டு மூன்று முறை எச்சரித்து முடித்திருக்கும். அந்த எச்சரிக்கைகளைப் பார்க்காமல் இல்லை, பார்க்கிறார்கள். எதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

இதில் இரவுப் பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பகலில் சாலையே முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். இரவில், அதிலும் மழையில், இந்த நான்கையும் நம்பித்தான் ஓட்டியாக வேண்டும். கீழே உள்ள வரிசையும் சாலையில் அவை எதிர்ப்படும் வரிசைதான்: முதலில் தொலைவில், பூனைக்கண் என்று சொல்லும் ஸ்டட், அப்புறம் ரிஃப்ளெக்டர், அப்புறம் சக்கரத்துக்கடியில் தடதடக்கும் ரம்பிள் ஸ்ட்ரிப், கடைசியில் வேகத்தடை. வண்டிகள் இடப்புறமாகச் செல்லும் இந்தியச் சாலைகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். வேகத்தடை பற்றிய அளவுகள், சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் எனப்படும் ஐ.ஆர்.சி. தரும் வழிகாட்டுதலில் உள்ளவை.

1. கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டட்டும் ரிஃப்ளெக்டரும் தாமாக ஒளி தருவதில்லை. உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. உங்கள் கண் ஹெட்லைட்டுக்கு அருகிலேயே இருப்பதால்தான் அவை உங்களுக்குப் பளிச்சென்று தெரிகின்றன. அதனால் ஹெட்லைட் மங்கினால் இவையும் சேர்ந்து மங்கும்.

முதல் வேலை, ஹெட்லைட் கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பது. பூச்சியும் சேறும் ஒட்டிக் காய்ந்த கண்ணாடி வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். அடுத்தது முன்பக்கக் கண்ணாடியின் உட்புறம். வெளிப்புறத்தை எல்லோரும் துடைக்கிறார்கள், உள்ளே படியும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடுகிறார்கள். எதிர்வண்டி வெளிச்சம் பட்டதும் அந்தப் படலம் முழுக்க வெள்ளையாகி, தொலைவில் இருக்கும் ஸ்டட் வரிசை காணாமல் போய்விடும்.

பின்னால் ஆட்களோ சுமையோ ஏறினால் வண்டியின் மூக்கு சற்று மேலே எழும்பும், ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். உயரத்தைச் சரிசெய்யும் திருகோ சக்கரமோ உங்கள் வண்டியில் இருந்தால் சுமை ஏற்றிய பிறகு ஒரு படி இறக்கிவிடுங்கள். சுமை கூடினால் வண்டியின் அடிப்பகுதியும் தரைக்கு நெருங்கும். நேற்று உரசாமல் கடந்த வேகத்தடை இன்று உரசும்.

2. ஸ்டட் நிறத்தைப் படிப்பது

சாலையில் பதித்திருக்கும் சிறிய ஒளிரும் கட்டைகள்தான் ஸ்டட். பூனைக்கண் என்றும் சொல்வார்கள். நிறம் தெரிந்தால், கோடே தெரியாத சாலையிலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். வெள்ளை என்றால் லேன்களைப் பிரிக்கும் கோடு, அல்லது சாலையின் நடுக்கோடு. சிவப்பு என்றால் உங்கள் இடப்புற ஓரம், அதைத் தாண்டக் கூடாது. மஞ்சள் என்றால் நடுத்தடுப்புப் பக்கத்து ஓரம், அதையும் தாண்டக் கூடாது. பச்சை இருக்கும் இடத்தில் ஓரக்கோட்டைத் தாண்டலாம், பெரும்பாலும் பிரியும் சாலையோ ஒதுங்கி நிறுத்தும் இடமோ அங்கே இருக்கும்.

ஆக, இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் வெள்ளையும் ஓடினால் நீங்கள் இடது லேனில் இருக்கிறீர்கள். வலப்பக்கம் மஞ்சள் வந்தால் நடுத்தடுப்பை ஒட்டிப் போகிறீர்கள். ஓரத்து ஸ்டட் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறினால் அங்கே வண்டிகள் வெளியேறலாம், உள்ளே நுழையலாம் என்று எதிர்பார்க்க வேண்டும்.

மழை இரவில்தான் ஸ்டட்டின் அருமை தெரியும். சாலையில் பூசிய வெள்ளைக் கோட்டில் சிறு கண்ணாடி மணிகள் கலந்திருக்கும், இரவில் கோடு மின்னுவது அவற்றால்தான். தண்ணீர் மேலே படிந்துவிட்டால் வெளிச்சம் அந்த மணிகளைச் சரியாக எட்டாது. நீர்ப்பரப்பில் பட்டு முன்னால் வழுக்கிப் போய்விடும், கோடு மறைந்துவிடும். ஸ்டட் சாலைக்கு மேலே சற்று எழும்பி நிற்பதால் அதன் முகம் நீருக்கு வெளியே இருக்கும். கோடு மறைந்த பிறகும் அது தெரியும்.

3. ஸ்டட் வரிசையை எங்கே பார்ப்பது

புதியவர்கள் வண்டிக்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று ஸ்டட்களையே பார்த்து ஓட்டுகிறார்கள். அதனால் ஸ்டியரிங் ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆடும். டிம் லைட்டில் தார்ப்பரப்பு ஐம்பது மீட்டருக்குள்தான் தெளிவாகத் தெரியும் என்றாலும், ஸ்டட் வரிசை அதைவிட வெகு தூரம் வரை புள்ளிப் புள்ளியாகத் தெரியும். பார்வை அந்தக் கடைசிப் புள்ளியில் இருக்க வேண்டும்.

வளைவு வருவதற்கு முன்பே கடைசிப் புள்ளிகள் ஒரு பக்கமாக மடங்கும். நீங்கள் போகப் போக மடங்கும் இடம் மெதுவாக விலகிக்கொண்டே போனால் வளைவு அகலமானது. மடங்கும் இடம் வேகமாக உங்களை நோக்கி வந்தால் வளைவு கூர்மையானது, இப்போதே வேகத்தைக் குறையுங்கள். புள்ளிகள் மடங்காமல் சட்டென்று முடிந்துவிட்டால் அங்கே சாலை மேடேறி இறங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மேட்டின் உச்சி வரை தெரியாது.

எதிரே வரும் வண்டி ஹை பீம் போட்டுக்கொண்டு வந்தால் அதைப் பார்க்காமல், இடப்புறச் சிவப்பு வரிசைக்குப் பார்வையை மாற்றுங்கள். அது உங்களை உங்கள் லேனிலேயே வைத்திருக்கும், கண்ணும் கூசாது. வேகத்தையும் சற்றுக் குறையுங்கள், ஏனென்றால் அந்தச் சில விநாடிகளுக்கு ஓரத்தைத் தவிர வேறெதுவும் உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வரிசையாக வந்துகொண்டிருக்கும் புள்ளிகளின் நடுவில் இரண்டு மூன்று காணோம், அதற்கு அப்பால் மறுபடி தெரிகிறது என்றால் ஸ்டட் பெயர்ந்து போயிருக்கலாம். அல்லது விளக்கில்லாத ஒரு பொருள் அவற்றை மறைத்துக்கொண்டு நிற்கலாம். மாடு, சாலையைக் கடக்கும் ஆள், பழுதாகி நிற்கும் லாரி என்று எதுவாகவும் இருக்கலாம். பெயர்ந்த ஸ்டட்டின் இடம் அசையாது. மாடோ ஆளோ நடந்தால், மறைந்த புள்ளி மீண்டும் தோன்றும், பக்கத்துப் புள்ளி மறையும். எதுவென்று தெரியும் வரை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

4. ரிஃப்ளெக்டரா, எரியும் விளக்கா என்று பிரித்தறிவது

முன்னால் தொலைவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அவை டெயில் லைட் என்றால் அந்த வண்டி அநேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் ரிஃப்ளெக்டர் என்றால் விளக்கே எரியாத வண்டி, பெரும்பாலும் சாலையோரம் நின்றிருப்பது. நிற்கும் வண்டியை ஓடும் வண்டியென்று நினைத்து அதே வேகத்தில் நெருங்குவதுதான் இரவுச் சாலையின் மிக மோசமான தவறு.

சோதிக்க எளிய வழி உண்டு. எதிரே யாரும் வரவில்லையென்றால் ஹை பீம் ஒரு முறை போட்டு டிம் செய்யுங்கள். சிவப்புப் புள்ளி கூடவே பிரகாசமாகி உடனே மங்கினால் அது ரிஃப்ளெக்டர். மாறாமல் இருந்தால் அது தானே எரியும் விளக்கு. ஹை பீம் போட முடியாத நிலையில் இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். அது விறுவிறுவென்று அகன்றுகொண்டே வந்தால், அந்த வண்டி நிற்கிறது அல்லது மிக மெதுவாகப் போகிறது.

சாலையோரக் கம்பங்களிலும் இரும்புத் தடுப்புகளிலும் ஒட்டிய ரிஃப்ளெக்டர்களை ஸ்டட் வரிசையைப் போலவே படிக்கலாம், வளைவை அவையும் முன்கூட்டியே காட்டும். பாலத்தின் முனை, தடுப்புச்சுவரின் தொடக்கம் போன்ற இடங்களில் மஞ்சளும் கறுப்பும் சாய்ந்த பட்டைகளாகப் பூசிய பலகை இருக்கும். பட்டைகள் எந்தப் பக்கம் கீழே சரிகின்றனவோ அந்தப் பக்கமாகக் கடக்க வேண்டும். மஞ்சள் ரிஃப்ளெக்டர் சிறிதாக, மேலும் கீழும் ஆடிக்கொண்டே தெரிந்தால் அது சைக்கிள் பெடல். அதற்கு நல்ல இடைவெளி விட்டு முந்துங்கள்.

5. ரம்பிள் ஸ்ட்ரிப்: காதுக்கும் கைக்கும் வரும் எச்சரிக்கை

சாலைக்குக் குறுக்கே வரிவரியாக, கடந்தால் தடதடவென்று அதிரும் பட்டைகள்தான் ரம்பிள் ஸ்ட்ரிப். இவற்றின் வேலை வேகத்தைக் குறைப்பதல்ல, உங்களை நிமிர்ந்து பார்க்கவைப்பது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் ரம்பிள் ஸ்ட்ரிப்பையே வேகத்தடையாக நினைத்து அதன் மேல் பிரேக்கை அழுத்துகிறார்கள். சிலர் தடதடப்பு முடிந்ததும் ஆபத்தும் முடிந்ததென்று மறுபடி வேகமெடுக்கிறார்கள். உண்மையான ஆபத்து அதற்கு அப்பால்தான் இருக்கிறது: சந்திப்பு, ரயில்வே கேட், சுங்கச்சாவடி, கூர்மையான வளைவு அல்லது வேகத்தடை.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதல் அதிர்வு வந்ததும் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கின் மேல் வையுங்கள், இன்னும் அழுத்த வேண்டாம். அதே நேரத்தில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை ஒரு பார்வை பாருங்கள். பின்னால் ஒட்டி வருபவருக்கு இன்னும் அதிர்வு கிடைத்திருக்காது, அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து இடப்பக்கம் எச்சரிக்கைப் பலகையைத் தேடுங்கள், எதற்காக இந்த அதிர்வு என்பதை அது சொல்லும். அதன் பிறகுதான் பிரேக், அதையும் முதலில் லேசாகத் தொட்டு, பிறகு படிப்படியாக அழுத்த வேண்டும். லேசாகத் தொட்டதுமே பிரேக் லைட் எரியும், பின்னால் வருபவர் தயாராகிவிடுவார்.

பட்டைகளின் மேலேயே பலமாக பிரேக் பிடிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் சக்கரம் கொஞ்சம் எழும்பி இறங்குகிறது, எழும்பும் கணத்தில் டயருக்குப் பிடிமானம் குறைவு. அந்தக் கணத்தில் பிரேக் அழுத்தமாக இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பட்டைகள் பெரும்பாலும் தொகுப்பு தொகுப்பாக இருக்கும். இரண்டு தொகுப்புகளுக்கு நடுவில் வரும் வெற்றுச் சாலைதான் பிரேக் பிடிக்க நல்ல இடம்.

வேகமாகப் போனால் அதிர்வு குறைவாகத் தெரிகிறது என்று அதன் மேல் வேகத்தைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி பட்டைகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போவதால்தான் அப்படித் தெரிகிறது. டயர் தரையில் இல்லாத நேரம் அதில் அதிகம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் தேவைப்படும் நேரத்தில் இரண்டுமே சரியாக வேலை செய்யாது.

நெடுஞ்சாலை ஓரமாக நீளவாக்கில் இருக்கும் அதிர்வுப் பட்டை வேறு வகை. ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் உறுமும். நீங்கள் லேனை விட்டு விலகிவிட்டீர்கள், பெரும்பாலும் கண் சொருகியிருக்கும். திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள், வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, மெதுவாக லேனுக்குத் திரும்புங்கள். ஒரு முறை இப்படி நடந்துவிட்டால் அடுத்துக் கிடைக்கும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தூங்குங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவது போதாது.

6. வேகத்தடையைக் கடக்கும் முறை

முறைப்படி கட்டிய வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. பொதுவான வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சௌகரியமாகக் கடக்கலாம் என்று கணக்கிட்டுத்தான் அந்த வடிவத்தை வைத்திருக்கிறார்கள். இதில் உயரத்தைவிட அகலம் முக்கியம். அதே 10 சென்டிமீட்டரை அரை மீட்டருக்குள் எழுப்பினால் சக்கரம் ஏறாது, மோதும். குறுகலான தடையென்று தெரிந்தால் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். போல்ட் போட்டுப் பதித்த ரப்பர் தடைகளும் இந்த வகைதான்.

ஓட்டத் தெரிந்தவரா இல்லையா என்பது ஒரு விஷயத்தில் தெரிந்துவிடும்: பிரேக்கை எப்போது விடுகிறார்? முன்சக்கரம் தடையைத் தொடுவதற்குச் சற்று முன்பே வேகக் குறைப்பு முடிந்து, பிரேக்கிலிருந்து கால் எடுபட்டிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, முன்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது, மூக்கு தரைக்கு இறங்குகிறது. அந்த நிலையில் தடையில் ஏறினால் இரண்டு கெடுதல். அமுங்கிய ஸ்பிரிங்கால் அதிர்ச்சியைத் தாங்க இடம் மிச்சமிருக்காது. பம்பரின் அடிப்பகுதியும் முதலில் உரசும். பிரேக்கை விட்டதும் மூக்கு நிமிர்கிறது, ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யத் தயாராகிறது.

கியரையும் முன்பே மாற்றிவிடுங்கள். மேட்டின் உச்சியில் கியர் மாற்றினால் வண்டி தயங்கும், பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். சாதாரண காருக்கு இரண்டாவது கியர் போதும், குறுகலான தடைக்கு முதல் கியர்.

சக்கரங்கள் நேராக, இரண்டும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் உயரத்தில், மற்றது தாழ்வில் என்று வண்டி பக்கவாட்டில் ஆடும், எதிர்லேனுக்குள்ளும் போய்விடும். அடி உரசும் அளவுக்குத் தாழ்வான கார் என்றால் மட்டும், எதிரே யாரும் இல்லாதபோது, ஊர்ந்துகொண்டு சற்றுக் குறுக்காக ஏறலாம். ஓரத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு சக்கரத்தை நுழைப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே மணலும் கல்லும் சேர்ந்திருக்கும், நடப்பவர்களும் அந்த ஓரத்தில்தான் இருப்பார்கள்.

முன்சக்கரம் இறங்கியதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது அடுத்த தவறு. பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. பின் இருக்கையில் இருப்பவர்களின் தலை கூரையில் இடிப்பது இந்த அவசரத்தால்தான். பின்சக்கரமும் முழுதாக இறங்கிய பிறகு வேகமெடுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். காரணமில்லாமல் அங்கே தடை போட்டிருக்க மாட்டார்கள், பள்ளிக்கூட வாசலோ சந்தோ ஆட்கள் கடக்கும் இடமோ பக்கத்தில் இருக்கும்.

7. இருசக்கர வண்டியில் மாறும் விஷயங்கள்

வரிசை அதேதான், ஆனால் தவறுக்கு விலை அதிகம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே தடையில் ஏறினால் ஃபோர்க் முழுதாக அமுங்கி, கைப்பிடி கையை விட்டுத் தெறிக்கப் பார்க்கும். நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முன்சக்கரம் தொடும் முன் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஃபுட்ரெஸ்ட் மீது எடையைப் போட்டு இருக்கையிலிருந்து சற்றே எழுந்தால் முதுகில் அடி விழாது, முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் தடை இருப்பது தெரியாது. “தடை வருது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர், குழந்தையைப் பிடித்திருப்பவர் என்றால் இது கட்டாயம்.

மழையில் வேகத்தடையின் பெயிண்ட், ரம்பிள் ஸ்ட்ரிப்பின் பட்டை, ஸ்டட்டின் முகம் மூன்றுமே வழுக்கும். இவற்றின் மேல் சாயவோ, பிரேக் பிடிக்கவோ, திருப்பவோ கூடாது. லேன் மாறும்போது இரண்டு ஸ்டட்களுக்கு இடையில் உள்ள வெற்று இடத்தில் கோட்டைத் தாண்டுங்கள்.

8. அடையாளமே இல்லாத தடையைக் கண்டுபிடிப்பது

பெயிண்ட் அழிந்த, பலகை இல்லாத தடைகள் ஏராளம். அவற்றையும் முன்கூட்டியே பிடிக்க சில தடயங்கள் இருக்கின்றன.

முன்னால் போகும் வண்டியின் டெயில் லைட்டைப் பாருங்கள். அது ஒரு இடத்தில் சட்டென்று மேலே எழும்பி இறங்கினால் அங்கே தடை இருக்கிறது. வரிசையாக ஒவ்வொரு வண்டியின் பிரேக் லைட்டும் ஒரே இடத்தில் எரிந்து அணைந்தாலும் அதே அர்த்தம்தான். முன்னால் வண்டியே இல்லையென்றால் டிம் லைட்டில் ஓட்டுங்கள். தாழ்ந்து வரும் வெளிச்சத்தில் தடையின் முன்பக்கம் வெளிறித் தெரியும், அதன் பின்னால் ஒரு கறுப்புப் பட்டையாக நிழல் விழும். ஹை பீமில் வெளிச்சம் மேலே போய்விடுவதால் அந்த நிழல் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

தார்ப்பரப்பிலேயும் எழுதியிருக்கும். தடைக்கு முன்னால் பிரேக் பிடித்த டயர்களின் கறுப்புத் தடம், உச்சியில் வண்டிகளின் அடி உரசிய வெள்ளைக் கீறல், தாண்டிய உடனே எண்ணெய் சொட்டிய கறைத் திட்டு. குலுங்கும்போது வண்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய் அங்கேதான் உதிர்கிறது. ஹெட்லைட்டில் அந்தத் திட்டு சாலையின் மற்ற இடத்தைவிடக் கறுப்பாகத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி நேரத்தில்தான் தடை கண்ணில் படுகிறது என்றால், ஸ்டியரிங்கைத் திருப்பி விலகப் பார்க்காதீர்கள். நேராக வைத்துப் பலமாக பிரேக் பிடியுங்கள். முன்சக்கரம் தொடும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், நிமிர்ந்த ஸ்பிரிங்கோடு ஏறுவது அமுங்கிய ஸ்பிரிங்கோடு ஏறுவதைவிட நல்லது.

9. ஒரு மழை இரவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இருவழிச் சாலை, மழை, காரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். முன்னால் ஒரு ரம்பிள் ஸ்ட்ரிப் தொகுப்பு, அடுத்து எச்சரிக்கைப் பலகை, அதிலிருந்து 40 மீட்டரில் வேகத்தடை. வழிகாட்டுதலும் பலகையை 40 மீட்டர் முன்னால் வைக்கத்தான் சொல்கிறது.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் 15 பட்டைகள் இருந்தால் அத்தனையும் ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். சட்டென்று ஒரு தடதடப்பு, அவ்வளவுதான். வேறெதையாவது யோசித்துக்கொண்டிருந்தால் அது முடிந்தே போயிருக்கும்.

இப்போது பலகையைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்து, புரிந்து, கால் பிரேக்கில் அழுந்த ஒன்றரை விநாடி. அதற்குள் 25 மீட்டர் ஓடிவிட்டது. மிச்சம் 15 மீட்டர். ஈரச் சாலையில் வழுக்காமல், பின்னால் வருபவரையும் பயமுறுத்தாமல் பிரேக் பிடித்தால் 60-லிருந்து 25-க்கு இறங்க ஏறக்குறைய 57 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 82 மீட்டர் தேவை, உங்களிடம் இருந்தது 40. காய்ந்த சாலையில் இன்னும் அழுத்தமாகப் பிடித்தாலும் மொத்தம் 63 மீட்டர் வேண்டும். பலகையைப் பார்த்த பிறகு தொடங்கினால் எப்படியும் போதாது.

அதே இரவில் 40 கிலோமீட்டரில் வந்திருந்தால்? ஒன்றரை விநாடியில் 17 மீட்டர், ஈரத்தில் 25-க்கு இறங்க 19 மீட்டர், மொத்தம் 36. பலகையைக் கடக்கும்போது விழித்துக்கொண்டாலும் தடைக்கு முன்பே வேகம் இறங்கி, பிரேக்கை விடவும் நாலு மீட்டர் கிடைக்கிறது.

60-லேயே வருகிறவர் செய்ய வேண்டியது இது. ஸ்டட் வரிசையின் கடைசிப் புள்ளியில் பார்வை இருக்கிறது. தொலைவில் பலகை மின்னுகிறது. பலகையும் ஒரு ரிஃப்ளெக்டர்தான் என்பதால் அதன் முக்கோண வடிவம் பலகைக்கு வெகு முன்பே தெரியும். தெரிந்த உடனே காலை எடுத்துவிடுகிறார், கண்ணாடியில் பின்னால் பார்க்கிறார், பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுகிறார். ரம்பிள் ஸ்ட்ரிப் வரும்போது வேகம் ஏற்கனவே 45-க்கு வந்துவிட்டது, அதன் மேல் பிரேக் இல்லை. பட்டைகள் முடிந்ததும் மறுபடி படிப்படியாக அழுத்துகிறார், இரண்டாவது கியர். தடைக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் கால் பிரேக்கை விட்டு விலகுகிறது, மூக்கு நிமிர்கிறது, முன்சக்கரம் ஏறி இறங்குகிறது, பின்சக்கரமும் இறங்குகிறது.

அதன் பிறகும் உடனே நான்காவது கியருக்குப் போக வேண்டாம். நீளமான பகுதியில் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் தடைகளைத் தொடராகப் போடுவார்கள், ஒன்றிலிருந்து அடுத்தது 100 முதல் 120 மீட்டர் தூரத்தில் இருக்கும். பலகை முதல் தடைக்கு முன்னால் வைப்பது, அடுத்ததற்குத் தனியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தத் தூரம் தாண்டும் வரை மூன்றாவது கியரிலேயே இருந்து, டிம் லைட்டில் அடுத்த நிழலைத் தேடிக்கொண்டே போங்கள்.